பதினாலு நாற்பதிலை வெள்ளைப் பூ

ஆரணி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என்ரை சீவியத்திலை கண்டதில்லை. நாய் குலைச்சால் பயம், இடி இடிச்சால் பயம், போன் அடிச்சால் எல்லாத்திலையும் கூடின பயம். கந்தோர் போன் அவளின்ரை மேசையிலைதான் கிடக்கும். அது அடிச்சாலே கதிரையைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, "நிரோஜாக்கா, எடுங்கோவன்" எண்டு கெஞ்சுவாள். எனக்கெண்டால் காதிலை ஹெட்போன், கையிலை ஆயிரம் சோலி. "போன் என்ன பாம்பே? எடடி!" எண்டு பேசுவன். எடுக்கமாட்டாள்.

கந்தோர் எண்டு பெரிசா நினைச்சுப் போடாதேங்கோ. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒரு புடவைக் கடைக்கு மேலை ஒரு அறை. பஸ் ஹோர்ன் கேக்காமல் இருக்க சுவரெல்லாம் பழைய மெத்தை அடிச்சு வைச்சிருக்கிறம். அங்கையிருந்துதான் 'ஒழுங்கைக் கதை' எண்ட எங்கடை பொட்காஸ்ட் வெளியிலை போகுது. விருந்தினரோடை கதைக்கிறது தனோஜன். ஒலியைப் பதிஞ்சு வெட்டி ஒட்டுறது நான். அறிவித்தல் எழுதுறது ஆரணி.

அறிவித்தல்தானே, நாலு வரி கிறுக்கி விடலாம் எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கெட்ட கோவம் வரும். கோப்பாயிலையிருந்து பஸ்ஸிலை வந்து இறங்கிறவள், முதல் வேலையா நான் முடிச்சு வைச்ச ஒலியைத் தொடக்கத்திலையிருந்து கேப்பாள். முதல் வெட்டிலை கேட்டு எழுதி வைச்ச நேரங்களை நம்பமாட்டாள். நான் முன்னுக்கு இசை சேர்த்தாலோ, நடுவிலை ஒரு இருமலை வெட்டினாலோ எல்லா நேரமும் தள்ளிப் போயிடும், ஆள் அமத்திற இடத்திலை வேறை கதை ஓடும் எண்டுவாள். முதல் நேரம் பூச்சியம் பூச்சியத்திலை தொடங்கோணும், இல்லாட்டி யூடியூப் அதைப் பகுதி பகுதியாப் பிரிச்சுக் காட்டாது. விருந்தினர் அறிமுகம் மூண்டு வரி. கடைசியிலை கேக்கிற லிங்குகள். ஒவ்வொண்டையும் தன்ரை போனிலை அமத்திப் பாத்து, பிறகு என்ரை போனையும் வாங்கி அமத்திப் பாப்பாள். பயந்த பிறவி செய்யிற வேலையிலை பிழை வராது எண்டு தனோஜன் பகிடி விடுவான். அது உண்மைதான், அந்த ஒரு நாளைத் தவிர.

சிவதர்ஷன் எண்டு ஒரு பொடியன் வந்து கதைச்சிட்டுப் போனவன். பொடியன் எண்டு சொல்லுறன், வயசு முப்பது தாண்டியிருக்கும். வடமராட்சிக் கரையிலை கடல் தொழிலுக்குப் போற குடும்பம். ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்கெண்டு களவா வெளிக்கிட்டு, பெலாரஸ் காட்டிலை பனிக்குள்ளை கிடந்து, காலிலை ரெண்டு விரலைக் குடுத்திட்டுத் திரும்பி வந்தவன். பேர் வேண்டாம் எண்டான், மாத்தினம். குரல் வேண்டாம் எண்டான், நான் கட்டையாக்கிக் குடுத்தன்.

அவன் சொன்னதிலை ஒரு கதை என்னைத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த ஏஜென்சிக்காரன் ஆளை அனுப்ப முதல் வீட்டுக்காரரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவானாம். பூக்கட்டிப் பாக்கிறதுக்கு. தெரியுந்தானே, ஒரு இலைப் பொட்டலத்திலை வெள்ளைப் பூ, மற்றதிலை சிவப்பு. கும்பிட்டு ஒண்டை எடுக்கிறது. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிக்கோணும். தாய்மார்தான் எடுக்கோணும் எண்டு அவன் சொல்லுவானாம். சிவதர்ஷன்ரை அம்மா எடுத்தவ, வெள்ளை வந்தது. எல்லாரும் கண்ணீரோடை கும்பிட்டுக்கொண்டு நிக்க, இவன் மற்றப் பொட்டலத்தைக் களவா எடுத்துப் பிரிச்சுப் பாத்தானாம். அதுக்குள்ளையும் வெள்ளை.

"பிறகேன் போனனீர்?" எண்டு தனோஜன் கேட்டான்.

"காசு கட்டியாச்சண்ணை. அம்மாட்டைச் சொல்லவும் மனம் வரேல்லை" எண்டான் அவன்.

அண்டைக்கு ஆரணியும் அறைக்கு நடுவிலை அடிச்ச கண்ணாடித் தடுப்புக்கு இஞ்சாலை என்னோடை இருந்தவள். எழும்பி வெளியிலை போனாள். வாந்தி எடுத்திட்டு வந்தாள் போலை கிடந்தது. மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டாள், நானும் விட்டிட்டன்.

அறிவித்தல் எழுதேக்கை அவளுக்கும் தனோஜனுக்கும் கொழுவல். "ஊர் இல்லாமல் என்ன அறிமுகம்? எங்கடை சனம் முதல் கேக்கிறதே எந்த இடம், ஆரின்ரை பிள்ளை எண்டுதானே!" எண்டான் அவன். அவன் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இவள் மாட்டன் எண்டு நிண்டாள். வடமராட்சி எண்டு கூடப் போட விடேல்லை. கால்விரல் கதையைப் போடுவம் எண்டான். "விரல் இல்லாத ஆள் ஆரெண்டு ஊருக்கே தெரியுமண்ணை" எண்டாள். கடைசியிலை அவள் எழுதினது இவ்வளவுதான்:

"இந்த முறை எங்களோடை கதைக்கிறவர் காடு வரை போய், காட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவர். பெயரும் குரலும் மாற்றப்பட்டிருக்கின்றன. போகச் சொல்லி உங்களை ஆராவது அவசரப்படுத்தினால், முதலில் இவரைக் கேளுங்கோ.

00:00 வெளிக்கிட்ட காரணம்
06:15 பாஸ்போர்ட்டை ஆரிடம் குடுத்தோம்
14:40 கோயிலில் கட்டிய இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ
27:05 காட்டில் முதல் இரவு
41:30 வீட்டு வாசல்"

அதுக்குக் கீழை யூடியூப் பிரீமியர் லிங்க், மற்ற இடங்களிலை கேக்கிற லிங்குகள், எங்கடை கந்தோர் போன் நம்பர். பிரீமியர் எண்டால், லிங்க் முதலே வெளியாலை போகும், கதை சொன்ன நேரத்துக்குத்தான் ஓடும். இரவு எட்டு மணிக்கு வைச்சிருந்தம். பின்னேரம் மூண்டு மணிக்கு அறிவித்தல் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போச்சு.

நாலரை போலை சிவதர்ஷன் எனக்கு அடிச்சான். அழுகிறான்.

"அக்கா, அதை எடுங்கோ. கோதாரி, உடனை எடுங்கோ. தம்பி அவன்ரை கையிலை."

"எந்தத் தம்பி? என்ன சொல்லுறீர்?"

"லக்சன். எனக்குச் சொல்லாமல் அம்மாவை வெருட்டி, அதே ஏஜென்சிக்காரனோடை வெளிக்கிட்டிட்டான். இப்ப அங்கை எல்லைக்குக் கிட்ட ஒரு வீட்டிலை பூட்டி வைச்சிருக்கிறாங்கள். உங்கடை அறிவித்தல் அந்த ஏஜென்சிக்காரனுக்குப் போயிட்டுதக்கா. பூக்கதையைப் பாத்திட்டு என்னட்டைக் கேக்கிறான், நீயோ சொன்னது எண்டு. நான் இல்லை எண்டிட்டன். ஆரெண்டு தெரியும் மட்டும் உன்ரை தம்பிக்கு வாகனம் வராது எண்டு சொல்லுறான். நான் எண்டு தெரிஞ்சால் பனிக்குள்ளை இறக்கி விட்டிடுவானக்கா. எனக்கு அந்தக் காடு தெரியும்."

நான் போனை வைச்சிட்டு மற்ற ரெண்டு பேருக்கும் சொன்னன். பிரீமியரை ஒருத்தரும் பாக்கேலாத மாதிரி மாத்தினன். ஒலி இன்னும் வெளியாலை போகேல்லை, அது ஒண்டுதான் புண்ணியம். பேஸ்புக்கிலை போட்டதை அழிச்சம், எங்கடை வட்ஸ்அப்பிலையும் அழிச்சம். ஆனால் என்ன பிரயோசனம்? அதுக்கிடையிலை கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கிற சனம் குழுவுக்குக் குழு அனுப்பிப் போட்டுது. மற்றவையின்ரை போனிலை கிடக்கிறதை நாங்கள் என்னெண்டு அழிக்கிறது?

"பொலிசுக்குப் போவம்" எண்டான் தனோஜன்.

"போய்? அங்கை கிடக்கிற பொடியனை இஞ்சத்தைப் பொலிஸ் பொழுதுபடுறதுக்குள்ளை தூக்கிக்கொண்டு வருமே? விசர்க் கதை கதையாதை!" எண்டு கத்தினன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதல் போகும். அப்பிடியே ஆரணியிலை பாஞ்சன். "அடியேய், உனக்கு மண்டையிலை என்ன களிமண்ணே? ஊர் வேண்டாம், விரல் வேண்டாம் எண்டு அந்தப் பாடு படுத்தினனீ. சிவதர்ஷனுக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் மட்டும் தெரிஞ்ச அந்தப் பூக்கதையை ஏன் போட்டனீ? காடு காணாதே, பாஸ்போர்ட் காணாதே?"

அவள் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தாள்.

அப்பத்தான் கந்தோர் போன் அடிச்சுது.

தெரியாத நம்பர். மூண்டு பேரும் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். நானே எடுப்பம் எண்டு போனன், பாதியிலை நிண்டிட்டன். போன் அடிச்சு ஓய்ஞ்சு திரும்ப அடிச்சுது. ஆரணி கையை நீட்டி எடுத்தாள். சத்தம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி அமத்தி வைச்சாள்.

"வணக்கம் தங்கச்சி" எண்டுது ஒரு குரல். அப்பிடி ஒரு நல்ல குரல். கலியாண வீட்டிலை பந்திக்குக் கூப்பிடுறவை மாதிரி. "ஒழுங்கைக் கதையோ? அறிவித்தல் பாத்தன். நல்ல வடிவா எழுதியிருக்கிறியள். ஆர் தங்கச்சி அந்தத் தம்பி? பாவம், ஏதும் உதவி செய்யலாம் எண்டு பாக்கிறன்."

தனோஜன் வேண்டாம் வேண்டாம் எண்டு தலையை ஆட்டினான். ஆரணி அவனைப் பாக்கேல்லை.

"அதைச் சொல்லேலாது" எண்டாள்.

"ஏன் தங்கச்சி மறைக்கிறியள்? வடமராட்சிப் பக்கத்துத் தம்பியோ? எனக்கொரு ஆளிலை ஐமிச்சம் கிடக்கு. அவரின்ரை தம்பி என்ரை ஆக்களோடைதான் இப்ப நிக்கிறார். அவரைக் கேட்டால் தெரியும்."

அப்ப அவள் சொன்னாளே ஒரு கதை.

"வடமராட்சி இல்லை. கோப்பாய். அது எங்கடை வீட்டுக் கதை. எங்கடை அம்மா எடுத்த பொட்டலம். மற்றதைப் பிரிச்சுப் பாத்தது என்ரை அண்ணை. தேனுஜன். மார்க்கண்டுவின்ரை மகன் தேனுஜன். ஞாபகம் இருக்கோ?"

அவன் வாய் திறக்க முதல் அவளே தொடர்ந்தாள்.

"நாங்கள் கதையை வேறை ஒரு ஆளைக் கொண்டு கதைப்பிச்சிருக்கிறம், என்னைக் கண்டு பிடிக்கக்கூடாது எண்டு. எழுதினது நான். நீங்கள் கேக்கிற ஆள் நான்தான். அந்தப் பொடியனுக்கு இதிலை ஒரு சம்பந்தமும் இல்லை." அவள் போனை இன்னும் கிட்ட இழுத்தாள். "அண்ணையை எங்கை விட்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

திரும்ப அந்தக் குரல் வந்தது. இப்ப அதிலை சீனி இல்லை. "போட்டதை எடு" எண்டுது. "உங்கடை வீடு எனக்குத் தெரியும்" எண்டுது. போன் கட்.

எனக்கு இருக்கவும் ஏலேல்லை, நிக்கவும் ஏலேல்லை. தேனுஜன் பிரான்சிலை எண்டுதான் அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியும். ஆரணியின்ரை அம்மா குணலட்சுமியம்மா கோயிலிலை, பஸ்ஸிலை, செத்தவீட்டிலை எல்லாரிட்டையும் அதைத்தான் சொல்லுறவ. "மகன் பிரான்சிலை, வேலை கூட, போன் எடுக்க நேரமில்லை." எங்கடை சனம் காணாமல் போன பிள்ளையை இப்பிடித்தான் வெளிநாட்டிலை உயிரோடை வைச்சிருக்கிறது. இவள் போனுக்குப் பயந்ததும் எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு. ஒவ்வொரு முறை அடிக்கேக்கையும் அது அண்ணையின்ரை செய்தியா இருக்கும் எண்டு அவள் செத்துச் செத்துப் பிழைச்சிருக்கிறாள். நான் என்னடா எண்டால் பாம்போ எண்டு கேட்டனான்!

"தேனுஜன் மற்றப் பொட்டலத்தைப் பிரிச்சவனோ?" எண்டு கேட்டன்.

"இல்லையக்கா. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பிரிக்கேல்லை. ரெண்டும் வெள்ளை எண்டு சிவதர்ஷன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பொழுதுபட முதல் அவளை என்ரை ஸ்கூட்டியிலை ஏத்திக்கொண்டு கோப்பாய்க்கு வெளிக்கிட்டன். தனிய விட மனம் கேக்கேல்லை. பின்னாலை ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நான் மெதுவாப் போக அதுவும் மெதுவா வந்தது. ஆரணி என்ரை இடுப்பை இறுக்கின இறுக்கிலை மூச்சு முட்டிச்சு. இருபாலைச் சந்தியிலை அது எங்களை முந்திக்கொண்டு போச்சு. பின்னுக்கு ஒரு கிழவர், நடுவிலை ஒரு மூட்டை வெங்காயம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. அழுகைதான் வந்தது.

வீட்டுப் படலை திறந்து கிடந்தது. அதைக் கண்டதும் ஆரணி ஸ்கூட்டி நிக்க முதலே குதிச்சு, "அம்மா!" எண்டு கத்திக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலை ஓடினன். ஒருத்தரும் வரேல்லை. அம்மா குசினி வாசலிலை பலகைக் கட்டையிலை இருந்தா. அடுப்பிலை ஒண்டும் இல்லை. மடியிலை போன்.

"ஆரோ அனுப்பியிருக்கினம்" எண்டா. "உங்கடை அறிவித்தலாம்."

அழிச்சது அழிச்சதாக் கிடக்க, அது ஊரெல்லாம் சுத்தி அம்மாட்டையே வந்து நிக்குது. நான் ஆரணியைப் பாத்தன். அவளின்ரை முகத்தைப் பாக்கத்தான் எனக்கு எல்லாம் விளங்கிச்சு. உந்தப் பூ வரியை அவள் ஊருக்கு எழுதேல்லை. அம்மாவுக்கு நேரை சொல்லப் பயந்து, அம்மா வாசிப்பா எண்டு எழுதியிருக்கிறாள்.

அம்மா போனைக் கிட்டப் பிடிச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா. "கோயிலில் கட்டிய இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ." பிறகு நிமிந்தா. "இது அவனே? அந்த ஏஜென்சிக்காரப் பாவியே?"

"ஓம் அம்மா."

"எங்களுக்குக் கட்டினதும் அப்பிடித்தானோ?"

"அப்பிடித்தான் இருக்குமம்மா. எல்லாருக்கும் அப்பிடித்தான் கட்டுறவனாம்."

"அப்ப நான் மற்றதை எடுத்திருந்தாலும்?"

"வெள்ளைதான் அம்மா."

அம்மா தன்ரை வலக்கையைப் பிரிச்சு வைச்சுப் பாத்தா. "இந்தக் கையாலைதான் பிள்ளையை அனுப்பினனான் எண்டு இருந்தனான்" எண்டா. "சோறு குழைக்கேக்கையும் இதைப் பாப்பன். மற்றதை எடுத்திருக்கலாமே, மற்றதை எடுத்திருக்கலாமே எண்டு. அப்ப என்ரை கை இல்லையோ பிள்ளை?"

"இல்லை அம்மா. உங்கடை கை இல்லை."

பிறகு அந்த மனிசி அழுதுது பாருங்கோ, ஐயோ, அதை எழுத என்னட்டை வரியில்லை. ஆரணி அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள். நான் படலையைச் சாத்திப்போட்டு, வெளியாலை பாத்துக்கொண்டு நிண்டன். நாய் குலைக்கிற ஒவ்வொரு முறையும் படலைக் கொண்டியைத் திரும்பத் தொட்டுப் பாத்தன்.

அப்பிடி நிக்கேக்கைதான் சிவதர்ஷன் அடிச்சான். "அக்கா, தம்பி கதைச்சவன். வாகனம் வந்து ஏத்திக்கொண்டு போகுதாம். என்ன செய்தனீங்கள்?" "பிறகு சொல்லுறன்" எண்டிட்டு வைச்சன்.

லக்சன் எல்லை தாண்டின கையோடை பிடிபட்டு, போலந்திலை ஒரு முகாமிலை இருக்கிறான். குளிராம், சாப்பாடு வாயிலை வைக்கேலாதாம், ஆனால் பேர் பதிஞ்சு, உயிரோடை இருக்கிறான். அவன்ரை செய்தி வந்த பிறகுதான் எல்லாருமாப் போய் முறைப்பாடு குடுத்தம். அந்த நல்ல குரல்காரன் இன்னும் பிடிபடேல்லை. கோப்பாய் வீட்டுப் படலைக்கு இப்ப ஆமைப் பூட்டு. பயம் போகேல்லை, போகவும் மாட்டுது. ஆனால் போன் அடிச்சால் ஆரணிதான் எடுக்கிறாள்.

எபிசோட்டைத் திரும்பப் போடுவம் எண்டு சொன்னதும் அவள்தான். சிவதர்ஷன் ஓம் எண்டான். நேரங்களைத் திரும்பக் கேட்டு எடுத்தாள், லிங்குகளைத் திரும்ப என்ரை போனிலை அமத்திப் பாத்தாள். பதினாலு நாற்பது அப்பிடியே கிடந்தது. அறிமுகத்திலை மட்டும் ஒரு வரி கூட்டியிருந்தாள்: "இந்த அறிவித்தலை எழுதுகிற ஆரணி, கோப்பாய், மார்க்கண்டு குணலட்சுமியின் மகள். இவருடைய அண்ணன் தேனுஜனும் இதே வெள்ளைப் பூவோடு போனவர். எங்கே என்று தெரிந்தவர்கள் கீழே உள்ள இலக்கத்துக்கு அழையுங்கோ." தனோஜன் வாசிச்சிட்டு ஒரு சொல்லும் மாத்தேல்லை.

போட்டுக் கொஞ்ச நேரத்துக்குள்ளை என்ரை போனுக்கே அது திரும்பி வந்தது. குணலட்சுமியம்மா அனுப்பியிருந்தா. எனக்கு மட்டுமில்லை, கோயில் குழு, ஊர்க் குழு, சொந்தக்காரர், பிரான்ஸ் எண்டு சொல்லி வைச்ச அத்தனை பேருக்கும். லிங்குக்கு மேலை தானே தட்டி எழுதியிருந்தா:

"இது என்ரை மகன்ரை கதை. அவன் பிரான்சிலை இல்லை. எங்கை எண்டு எனக்குத் தெரியாது. கேளுங்கோ."